இணைப்பு இல்லாமல் நாள் முழுக்க எழுதுகிறார்கள்: ஓ.டி.யிலேயே இருப்பதா, சி.ஆர்.டி.டி.க்கு மாறுவதா?

ஏட்டுச்சுவடு

பல பேர் சேர்ந்து ஒரே ஆய்வறிக்கையை எழுதும் எடிட்டர் ஒன்றை மூன்று ஆண்டுகளாகப் பராமரிக்கிறேன். அடியில் ஓடுவது ஆபரேஷனல் டிரான்ஸ்ஃபார்ம், அதாவது ஓ.டி.: ஒருவர் திருத்தத்தின் இட எண்ணை மற்றவர் திருத்தத்துக்கு ஏற்ப உருமாற்றிச் சேர்க்கும் முறை. நடுவில் ஒரு சர்வர் இருக்கிறது, எல்லாத் திருத்தங்களும் அதன் வழியாகத்தான் போகும். எல்லோரும் இணைப்பில் இருந்தவரை ஒரு குறையும் இல்லை.

இப்போது களத்துக்குப் போகிறவர்கள் ஆறேழு மணி நேரம் சிக்னல் இல்லாத இடத்தில் டேப்லெட்டில் எழுதுகிறார்கள். திரும்பி வந்து இணைப்புக் கிடைத்ததும் மொத்தத்தையும் அனுப்புகிறோம். பெரும்பாலும் சரியாகச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் சில நேரம் டேப்லெட்டில் ஒரு வரி ஒரு மாதிரியும் சர்வரில் வேறு மாதிரியும் நிற்கிறது. யாராவது ஆவணத்தை மூடித் திறக்கும்வரை இது தெரிவதே இல்லை. எழுத்துகளின் எண்ணிக்கையை இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம், அந்தச் சோதனை ஒவ்வொரு முறையும் தேறிவிடுகிறது.

எங்கள் குழுவில் பாதிப் பேர் ஓ.டி.யைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் அடையாளம் கொடுத்துப் பிரதிகளைச் சேர்க்கும் சி.ஆர்.டி.டி.க்குப் போகலாம் என்கிறார்கள். அது பல மாத வேலை. உண்மையிலேயே தேவைதானா?

மின்னல்கொடி

தேவைதான், தயங்காதீர்கள். ஓ.டி. என்பது 1989இல் எல்லிஸும் கிப்ஸும் குரோவ் எடிட்டருக்காக எழுதியது. அவர்களுடைய மூல வழிமுறையிலேயே பிழை இருந்ததைப் பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். அதற்குப் பின் வெளியான திருத்தங்கள் பலவற்றிலும் ஓட்டை இருப்பதை 2003இல் கணினித் தேற்றச் சரிபார்ப்பு வைத்துக் கண்டுபிடித்தார்கள். சி.ஆர்.டி.டி.யில் முரண்பாடு என்பதே கிடையாது, கான்ஃப்ளிக்ட்-ஃப்ரீ ரெப்ளிகேட்டட் டேட்டா டைப் என்று பெயரே அதுதான். சர்வரும் வேண்டாம். உங்கள் பிழை தானாகப் போய்விடும்.

சுருள்வில்

எனக்கு ஒன்று புரியவில்லை. ஆவணத்தை ஒருவர் எடுத்தால் அவர் திருப்பித் தரும்வரை மற்றவர்களுக்குப் பூட்டிவிடலாமே? இல்லையென்றால் `git` மாதிரி ஆளுக்கொரு கிளை, கடைசியில் ஒருவர் உட்கார்ந்து இணைப்பது. நாங்கள் நிரல்களை அப்படித்தானே இணைக்கிறோம்.

ஏட்டுச்சுவடு

பூட்ட முடியாது. ஒரே பத்தியில் இரண்டு பேர் எழுதுவதுதான் இங்கே வழக்கம். கிளைகளை இணைப்பது நிரலாளருக்குப் பழக்கமான வேலை. எங்கள் பயனர்களிடம் போய் "இந்த வரியா, அந்த வரியா" என்று நாற்பது இடத்தில் கேட்க முடியாது.

பழையகணக்கு

மின்னல்கொடி சொன்ன வரலாறு சரி. அதிலிருந்து எடுத்த முடிவில் ஒரு படி விட்டுப்போய்விட்டது. அந்த ஓட்டைகள் எந்த நிலைமையில் வருகின்றன என்பதைப் பார்த்தால்தான் ஏட்டுச்சுவடின் கேள்விக்குப் பதில் கிடைக்கும். சின்னதாக ஒன்று போட்டுப் பார்ப்போம்.

ஆவணத்தில் மூன்றே எழுத்து, `கசட`. இடங்களை 0 முதல் எண்ணுகிறோம். மூன்று பேர், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல், ஒரே நேரத்தில் இப்படிச் செய்கிறார்கள்:

```
பயனர் 1:  ins(2, "ப")   // ச-வுக்கும் ட-வுக்கும் நடுவில்
பயனர் 2:  del(1)        // ச-வை நீக்கு
பயனர் 3:  ins(1, "ம")   // க-வுக்கும் ச-வுக்கும் நடுவில்
```

ம என்பது ச-வுக்கு முன்னால், ப என்பது ச-வுக்குப் பின்னால். ஆகவே மனிதருக்கு விடை `கமபட`. இரண்டு செருகல்கள் ஒரே இடத்தில் விழுந்தால் சிறிய எண் கொண்ட பயனருடையது முதலில் என்று விதி வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள்.

முதலில் நீக்கலைக் கணக்கில் எடுத்தால், பயனர் 1இன் செருகல் இடம் 2இலிருந்து 1க்கு நகர்கிறது. பயனர் 3இன் செருகலும் 1இல்தான் இருக்கிறது. இரண்டும் மோதுகின்றன, விதிப்படி ப முன்னால் போகிறது. விடை `கபமட`. மாறாக, ம-வின் செருகலை முதலில் ப-வோடு ஒப்பிட்டு, பிறகு நீக்கலோடு ஒப்பிட்டால் மோதலே வருவதில்லை: ஒன்று இடம் 1, மற்றது இடம் 2. விடை `கமபட`. அதே மூன்று செயல்கள்தான், கணக்குப் போட்ட வழி மட்டும் வேறு. ச என்ற அடையாளக்கல் போன பிறகு ம எந்தப் பக்கம், ப எந்தப் பக்கம் என்பதை வெறும் இட எண் சொல்லாது. 1989இலிருந்து பலரும் தடுக்கி விழுந்தது இந்தக் குழியில்தான்.

ஆனால் நடுவில் ஒரு சர்வர் இருந்து, எல்லோருக்கும் ஒரே வரிசையை அதுவே தீர்மானித்தால் இந்தக் குழி எதிர்ப்படுவதில்லை. ஒவ்வொரு டேப்லெட்டும் சர்வரோடு மட்டும்தான் பேசுகிறது, எப்போதும் இரண்டு தரப்புதான். 1995இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் செய்த ஜூபிடர் அமைப்பு இந்த வழியில் போனது, கூகுள் வேவும் அதையே எடுத்துக்கொண்டது. சர்வர் நீக்கலை முதலில் வாங்கினால் எல்லோருக்கும் `கபமட` கிடைக்கும். எழுதியவர் நினைத்த வரிசை இல்லை, ஆனாலும் எல்லோர் திரையிலும் ஒன்றுதான்.

உங்களுக்கோ சர்வர் இருந்தும் ஒவ்வொன்றில் ஒவ்வொன்று நிற்கிறது. அப்படியானால் தப்பு ஓ.டி.யின் கொள்கையில் இல்லை, உங்கள் கோடில் எங்கோ இருக்கிறது. இரண்டு கேள்வி. இணைப்பு வந்ததும் டேப்லெட் தன் திருத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்புகிறதா, ஒன்றாகத் திரட்டி அனுப்புகிறதா? அதே நேரத்தில் சர்வரிலிருந்து வருபவற்றை என்ன செய்கிறது?

நடுநிசி

இடையில் ஒன்று. சி.ஆர்.டி.டி.யில் நீக்கிய எழுத்துகூடப் போகாதாமே? ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு அடையாள எண், நீக்கினாலும் கல்லறை மாதிரி உள்ளேயே கிடக்கும் என்கிறார்கள். ஒரு வருடம் ஓடிய ஆவணம் டேப்லெட்டின் நினைவகத்தையே தின்றுவிடாதா?

பழையகணக்கு

நடுநிசி, பத்து வருடங்களுக்கு முன் கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன். மார்ட்டின் கிளெப்மன் ஒரு ஆய்வுக்கட்டுரை எழுதியபோது அடித்த ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்து வெளியிட்டிருக்கிறார், எடிட்டர் எழுதுகிறவர்கள் பலரும் வேகத்தை அளக்க அதைத்தான் எடுக்கிறார்கள். அதில் 1,82,315 செருகல், 77,463 நீக்கல், கடைசியில் மிஞ்சியது 1,04,852 எழுத்து. அடித்தும் திருத்தியும் எழுதிய ஒரு முழுக் கட்டுரையிலேயே உயிரோடு இருக்கும் எழுத்துகளைவிடக் கல்லறைகள் குறைவு. அதோடு, நாம் எழுத்துகளைத் தொடராகத்தான் அடிக்கிறோம். ஒரே ஆள் வரிசையாக அடித்த நாற்பது எழுத்துக்கு நாற்பது அடையாளம் தேவையில்லை, "இந்த ஆள், இந்த எண்ணிலிருந்து நாற்பது" என்று ஒரு கட்டாக வைத்தால் போதும். `yjs` என்ற சி.ஆர்.டி.டி. நூலகம் அப்படித்தான் வைக்கிறது. எழுத்துக்கு ஒரு பொருள் என்று அப்பாவித்தனமாக எழுதினால்தான் நினைவகம் வெடிக்கும்.

ஏட்டுச்சுவடு

திரட்டித்தான் அனுப்புகிறோம். ஒரு நாள் வேலை நாலாயிரம் விசைத் தட்டல் இருக்கும், சர்வரில் அதற்குள் ஆறாயிரம் சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடும் உருமாற்றினால் இரண்டு கோடியே நாற்பது லட்சம் கணக்கு, டேப்லெட் திணறியது. அதனால் நம்முடைய நாலாயிரத்தையும் ஒரே செயலாகக் கோக்கிறோம், சர்வரிலிருந்து வந்த ஆறாயிரத்தையும் ஒரே செயலாகக் கோக்கிறோம், ஒரே ஒரு முறை உருமாற்றுகிறோம். வேகம் அருமையாக இருக்கிறது.

சர்வர் பக்கம் அப்படி இல்லை. அது பழைய கோட்: வந்த செயலைத் தன் வரலாற்றோடு ஒவ்வொன்றாக உருமாற்றும். சர்வருக்கு வேகம் பிரச்சினை இல்லை என்பதால் அதை மாற்றவில்லை. மோதலுக்கு நீங்கள் சொன்ன அதே விதிதான், சிறிய பயனர் எண் முதலில்.

பழையகணக்கு

அப்படியென்றால் பிழை அங்கேதான். மேலே போட்ட அதே எழுத்துகளை வைத்தே பாருங்கள்.

ஆவணம் `கசட`. களத்தில் இருக்கும் பயனர் 1, ச-வுக்குப் பின் ப-வைச் செருகுகிறார். அலுவலகத்தில் பயனர் 3, ச-வை நீக்கிவிட்டு அதே இடத்தில் ம அடிக்கிறார். தினமும் நூறு முறை நடக்கும் சாதாரணத் திருத்தம் இது, ஓர் எழுத்தை மாற்றுவது. சர்வர் வரலாற்றில் இது இரண்டு செயல்.

சர்வர் ஒவ்வொன்றாகப் போகிறது. நீக்கலைத் தாண்டும்போது ப-வின் இடம் 2இலிருந்து 1 ஆகிறது. அடுத்து ம-வின் செருகல், அதுவும் இடம் 1. மோதல். பயனர் 1 சிறிய எண், ப முன்னால். சர்வரில் `கபமட`.

டேப்லெட் இரண்டையும் கோத்துவிட்டது. கோத்த செயல் சொல்வது இது:

```
retain 1, insert "ம", delete 1
```

இதில் ம இருப்பது ச-வுக்கு முன்னால், ப இருப்பது ச-வுக்குப் பின்னால். மோதலே இல்லை. டேப்லெட்டில் `கமபட`.

இரண்டிலும் அதே நான்கு எழுத்து, நீளமும் ஒன்று. உங்கள் எண்ணிக்கைச் சோதனை ஏன் ஒவ்வொரு முறையும் தேறுகிறது என்பது இப்போது தெரிகிறதா? நீளத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு பதிப்பு எண்ணுக்கும் முழு உரையின் ஹாஷை எடுத்து ஒப்பிடுங்கள். பிழை நடந்த அந்த நொடியிலேயே பிடிபடும்.

திருத்தமும் பெரிதல்ல. கோப்பதில் தப்பில்லை, ஒரு பக்கம் மட்டும் கோப்பதுதான் தப்பு. டேப்லெட் எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புவரை கோத்ததோ அதே துண்டைச் சர்வரும் கோத்து, அதன்மேல் உருமாற்ற வேண்டும். கூடவே, பலர் செய்ததைக் கோத்த பிறகு அதற்குப் பயனர் எண் என்று ஒன்று இருக்காது. மோதல் விதியை "சர்வரில் முதலில் பதிவானது முதலில்" என்று மாற்றிவிடுங்கள். இது பல மாத வேலை இல்லை.

ஏட்டுச்சுவடு

இப்போதுதான் சோதித்தேன். சரியாக அந்த நிலைமையைக் கையால் உண்டாக்கினால் பத்துக்குப் பத்து முறை பிரிகிறது. மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்தது இது. ரொம்ப நன்றி.

எழுத்தாணி

வேறு ஒரு கோணம். நாங்கள் சி.ஆர்.டி.டி. நூலகம் ஒன்றை வைத்துத் தமிழ் எடிட்டர் செய்தோம். இரண்டு பக்கமும் எப்போதும் ஒன்றாகத்தான் நிற்கும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒருமுறை ஆவணத்தில் `பல` என்று இருந்தது. ஒருவர் அதை `பால` ஆக்கினார், மற்றவர் அதே நேரத்தில் `பகல` ஆக்கினார். நூலகத்துக்குத் தெரிவது ப-வுக்குப் பின்னால் இரண்டு செருகல்: ஒன்று துணைக்கால், ஒன்று க. அடையாள எண்படி வரிசை போட்டு `பகால` என்று கொடுத்துவிட்டது. துணைக்கால் அடுத்தவர் எழுத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேருமே ப-வைப் பா ஆக்கினால் இன்னும் மோசம், இரண்டு துணைக்கால் வந்து இரண்டாவது புள்ளிவட்டத்தோடு நிற்கும்.

முழு எழுத்தை ஓர் அலகாக வைக்கலாம் என்று முயன்றோம். அப்போது ப-வை நீக்கிப் பா-வைச் செருகுவதாக ஆகிறது. இரண்டு பேர் அதையே செய்தால் `பாபா`. எதை எடுத்தாலும் ஒரு குறை.

பழையகணக்கு

இதற்கு நல்ல விடை என்னிடம் இல்லை. நான் முழு எழுத்தை அலகாக வைப்பேன், `பாபா` என்று வந்தால் படிப்பவர் கண்ணில் படும், திருத்திவிடுவார். `பகால` போன்றது நீண்ட அறிக்கையில் கண்ணில் படாமலே போய்விடும். ஆனால் வேறு விதமாகத் தேர்ந்தெடுத்தவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

ஓ.டி. வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். `கொ` என்பதை யூனிகோடில் இரண்டு குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒரு டேப்லெட் மட்டும் தன் பிரதியைச் சத்தமில்லாமல் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால், அந்த எழுத்துக்குப் பிறகு வரும் ஒவ்வொரு இட எண்ணும் ஒன்று தள்ளிப்போகும். குறிப்பிட்ட ஓரிடத்துக்குப் பிறகு எல்லாத் திருத்தமும் ஓர் எழுத்து தள்ளி விழுந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். வடிவ மாற்றத்தை அடிக்கும் இடத்திலேயே, செயல் உருவாகும் முன் செய்துவிடுங்கள்.

மின்னல்கொடி

சரி, ஏட்டுச்சுவடின் பிழைக்கு மாற்றம் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். சர்வர் பழைய வரலாற்றை வெட்டிவிட்டால்? டேப்லெட் பதிப்பு 500இல் பிரிந்துபோயிருக்கிறது, சர்வர் 800க்கு முந்தையதை அழித்துவிட்டது. ஓ.டி.யில் அந்த டேப்லெட் அநாதை. சி.ஆர்.டி.டி.யில் அப்படி ஆகாதே?

பழையகணக்கு

நல்ல கேள்வி, பாதி சரி. ஓ.டி.யில் அது உண்மை. அந்தத் துண்டு இல்லாமல் உருமாற்ற வழியில்லை. சி.ஆர்.டி.டி.யில் திருத்தத்தின் முகவரி "அந்த எழுத்துக்குப் பின்னால்" என்பதாக இருப்பதால், அந்த எழுத்து கல்லறையாகவாவது இருந்தால் போதும், நடுவில் என்ன நடந்தது என்ற வரலாறு தேவையில்லை. ஆனால் கல்லறைகளை வெட்டிவிட்டால் அங்கேயும் அதே அநாதை நிலைதான். யாரும் பழைய பிரதியோடு இனித் திரும்பி வரமாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால்தான் அதை அழிக்கலாம். இரண்டிலும் எதையாவது வைத்திருந்தாக வேண்டும், எதை என்பதுதான் வேறு.

ஏட்டுச்சுவடு

இங்கே இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும், முன்பே சொல்லியிருக்கலாம். அடுத்த ஆண்டு, களத்தில் இருக்கும் இரண்டு மூன்று டேப்லெட்டுகள் சிக்னல் இல்லாமலே தங்களுக்குள் நேரடியாக ஒத்திசைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறார்கள். மாலையில் யார் முதலில் சர்வரை எட்டுகிறாரோ அவர் எல்லோருடையதையும் கொண்டுவந்து சேர்ப்பார்.

பழையகணக்கு

அது நான் இதுவரை சொன்னதைப் புரட்டிப் போடுகிறது.

மூன்று டேப்லெட், நடுவில் வரிசை சொல்ல ஆளில்லை. முதலில் போட்ட `கசட` கணக்கு அப்படியே நிஜமாகிவிடும். ஒரு டேப்லெட் நீக்கலை முதலில் பார்க்கும், இன்னொன்று ப-வை முதலில் பார்க்கும், மாலையில் இரண்டும் வேறுவேறு உரையோடு சர்வருக்கு வரும். ஒரு டேப்லெட்டைத் தற்காலிகச் சர்வராக வைக்கலாம்தான். அது பாதியில் அணைந்துபோனால், அல்லது குழு இரண்டாகப் பிரிந்து நடந்தால், வரிசை சொல்லும் அதிகாரம் யாரிடம் என்ற சிக்கலுக்குள் போவீர்கள். இந்தத் தேவை உறுதியென்றால் சி.ஆர்.டி.டி.க்கு மாறுங்கள். அதில் ம-வின் இடது பக்கம் க, ப-வின் இடது பக்கம் ச. ச நீக்கப்பட்டாலும் உள்ளே கிடக்கிறது. எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் `கமபட` தான், எழுதியவர்கள் நினைத்ததும் அதுதான்.

தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் சோதியுங்கள். இரண்டு டேப்லெட்டைத் துண்டித்து, ஒரே இடத்தில் ஒன்றில் ஒரு வாக்கியமும் மற்றதில் வேறு வாக்கியமும் அடித்துவிட்டு இணையுங்கள். லோகூட் என்ற சி.ஆர்.டி.டி. வகையில் இரண்டு வாக்கியமும் எழுத்துக்கு எழுத்து பின்னிக்கொண்டு வரலாம். இரண்டு டேப்லெட்டிலும் ஒரே குப்பை இருக்கும், ஒருங்கிணைவு சோதனை தேறும், படிக்க மட்டும் முடியாது. பின்னாலிருந்து முன்னால் அடித்தும் பாருங்கள், அதாவது ஒவ்வொரு முறையும் கர்சரை வாக்கியத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய். முன்னோக்கி அடித்தால் தேறும் சில வகைகள் இதில் விழும். 2023இல் வந்த ஃபியூக் வழிமுறை இந்தப் பின்னலைத் தவிர்க்கவே எழுதப்பட்டது.

நடுநிசி

ஒருவர் பத்தியையே நீக்கிவிட்டார், இன்னொருவர் அதே நேரத்தில் அந்தப் பத்தியில் ஒரு சொல்லைத் திருத்தினார் என்றால் சி.ஆர்.டி.டி. என்ன செய்யும்?

பழையகணக்கு

பத்தி போய்விடும், அவர் புதிதாக அடித்த எழுத்துகள் மட்டும் மிஞ்சும். "விரிசல் உள்ளது" என்பதை "விரிசல்கள் உள்ளன" ஆக்கியிருந்தால், வெறுமையான இடத்தில் `கள்` என்றும் `ன` என்றும் மிதக்கும். ஓ.டி.யிலும் அதேதான் நடக்கும். இரண்டுமே உங்களுக்கு உறுதி தருவது எல்லோரிடமும் ஒன்றே இருக்கும் என்பதை மட்டும்தான்.

எழுத்தாணி

நாங்கள் இதற்கு ஒன்று செய்தோம். புதிதாக வந்த துண்டின் இரண்டு பக்கத்து எழுத்தும் கல்லறையாக இருந்து, அதை நீக்கியவர் இந்தத் துண்டைப் பார்க்காமலே நீக்கியிருந்தால், அந்த இடத்தை நிறமிட்டுக் காட்டி "நீக்கிய பத்தியில் திருத்தம் வந்திருக்கிறது, மீட்கவா?" என்று கேட்கிறோம். கல்லறை கையில் இருப்பதால் பத்தியை மீட்பது எளிது. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டுதான் வருகிறது, பயனர்கள் அலுத்துக்கொள்ளவில்லை.

ஏட்டுச்சுவடு

இந்த வாரம் சர்வரின் கோக்கும் கோடையும் ஹாஷ் சோதனையையும் போடுகிறேன், அது எப்படியும் வேண்டும். நேரடி ஒத்திசைவு உறுதியாகத் தேவையா என்று களக் குழுவிடம் கேட்டுவிட்டு, ஆம் என்றால் மாற்றத்தைத் தொடங்குவோம்.

எழுத்தாணி, மீட்டால் முழுப் பத்தியும் வருமா, திருத்திய வாக்கியம் மட்டும் வருமா? ஒருவர் வேண்டுமென்றேதான் அந்தப் பத்தியை நீக்கியிருப்பார்.

எழுத்தாணி

இப்போதைக்கு முழுப் பத்தியும். நீக்கியவர்கள் சிலர் அதை விரும்பவில்லை. வாக்கியம் மட்டும் மீட்டுப் பார்த்தோம், அது எதைப் பற்றியது என்று திருத்தியவருக்கே புரியவில்லை. நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.